இருபத்தைந்து ரூபாய்க்குப் பின்னால்

வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பார்சல் குறுஞ்செய்தியில் பணம் இழந்தவர்கள் கவுன்டரில் முதலில் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "வெறும் இருபத்தஞ்சு ரூபாதானே சார் கேட்டான்!"

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் ஆன்லைனில் ஆர்டர் போட்ட சேலைக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் அஞ்சல் துறை பெயரில் ஒரு செய்தி. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை வந்தும் முகவரி சரியில்லாததால் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். கீழே ஒரு இணைப்பு. அவருக்குச் சேலை வரவேண்டியிருந்தது என்பது அனுப்பியவனுக்குத் தெரியாது. லட்சம் பேருக்கு அனுப்பினால் அதில் பல பேர் ஏதோ ஒரு பார்சலுக்குக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். இதே வாசகத்தோடு சுற்றிய செய்தியைப் போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவும் அறிவித்திருக்கிறது.

இணைப்பைத் தொட்டால் சிவப்பும் மஞ்சளுமாக அஞ்சல் துறை போலவே ஒரு பக்கம். பெயர், முகவரி, செல்போன் எண் கேட்டது. மறு விநியோகக் கட்டணம் 25 ரூபாய் என்றது. பிறகு கார்டு எண், முடியும் மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம். கொடுத்ததும் "சற்றுப் பொறுங்கள்" என்று ஒரு வட்டம் சுற்றியது.

அந்த வட்டம் சுற்றும் நேரத்தில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் தட்டிய கார்டு விவரம் அவன் திரையில் விழுகிறது. அதை வேறொரு உண்மையான கடையின் தளத்தில் போட்டுப் பெரிய தொகைக்குப் பொருள் வாங்குகிறான். அந்தக் கடை கேட்டதால் நம் வங்கி ஓடிபி அனுப்புகிறது. ஆக, ஓடிபி உண்மையானது, வங்கி அனுப்பியதுதான். 25 ரூபாய் என்பது கார்டை வெளியே எடுக்க வைக்கிற சாக்கு. ஐந்நூறு கேட்டிருந்தால் அந்த அம்மா மகளுக்குப் போன் போட்டிருப்பார்.

அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். ஓடிபி செய்தியிலேயே தொகை 38,500 ரூபாய் என்று இருந்தது, பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையின் பெயர். அவர் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டியிருக்கிறார். பக்கம் "தவறான ஓடிபி, மீண்டும் முயலுங்கள்" என்றது. இரண்டாவது ஓடிபி வந்தது, அது இன்னொரு கொள்முதலுக்கு. நல்லவேளை, அப்போது சந்தேகம் வந்து நிறுத்திவிட்டார். என் கணக்கில், இந்த மோசடியைக் கடைசி நொடியில் பிடிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். ஓடிபி வந்தால் எண்ணுக்கு முன்னால் தொகையையும் கடையின் பெயரையும் படியுங்கள்.

அதற்கு முன்பே பிடிக்க வேண்டுமென்றால் முகவரியைப் பாருங்கள். அஞ்சல் துறையின் தளம் indiapost.gov.in. மோசடிக்காரன் indiapost.gov.in.parcel-id.top/IN என்கிற மாதிரி வைப்பான். தொடக்கத்து https:// போக, முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் சொந்தக்காரன் பெயர். இங்கே parcel-id.top. முன்னால் ஒட்டியிருக்கும் அஞ்சல் துறை வெறும் அலங்காரம். செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்தோ, வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வந்தாலும் விட்டுவிடுங்கள். ஐபோனில் "Y என்று பதில் அனுப்புங்கள்" என்றும் கேட்பான். அறிமுகமில்லாதவர் அனுப்பும் இணைப்பை ஐபோன் முடக்கி வைக்கும், நாம் பதில் போட்டால்தான் அது திறக்கும்.

உண்மையிலேயே பார்சல் இருந்தால் அதற்கு ஒரு எண் இருக்கும். ஸ்பீடு போஸ்ட் என்றால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN. அதை நீங்களே தளத்தில் தட்டிப் பாருங்கள், இல்லையென்றால் தபால்காரரைக் கேளுங்கள். வீட்டில் ஆள் இல்லாததால் திரும்பிய ஸ்பீடு போஸ்டுக்கு இணைப்பு அனுப்பிக் கார்டில் கட்டணம் வாங்கும் வழக்கம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்குச் சுங்க வரி கட்ட வேண்டி வரலாம், அது வேறு. அதையும் பார்சல் எண்ணை வைத்து விசாரித்த பிறகே கட்டுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் கிளை திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆசிரியை மறுநாள் காலைதான் வந்தார். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை நேர்ந்த நஷ்டம் அவருடையது, புகாருக்குப் பிறகு நேர்வது வங்கியுடையது. அதனால் முதலில் வங்கியின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ கார்டை முடக்குங்கள். அடுத்த அழைப்பு 1930. பணம் கைமாறிப் போவதற்குள் அதை நிறுத்தி வைக்கச் சொல்லும் வழி அது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் எங்களிடம் வாருங்கள்.