பாடம் 7: சினத்தில் எழுதியதும் சீர்செய்து எழுதியதும்

மாணவர்களே, உடன் பணிபுரியும் ஒருவரால் பணி தடைப்படும்போது அதை மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். சினத்தோடு எழுதிய ஒரு மடல் எவ்வாறு நம்பத்தக்க முறையீடாக மாறுகிறது என்பதைக் கற்பனை நிகழ்வு ஒன்றின் வழியாகக் காண்போம்.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்துகள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளன. பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். விடுமுறை நாள்களிலும் காலை, மாலை என இருவேளை அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். காலைப் பதிவு செவிலியருக்கு உரியது. மாலைப் பதிவு மருந்தாளுநருக்கு உரியது. சூன் 14 காலையில் வெப்பநிலைமானி 10 டிகிரி காட்டியது. முந்தைய நாள் மாலைக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. சினமுற்ற செவிலியர் மருத்துவ அலுவலருக்கு இவ்வாறு எழுதினார்:

"ஐயா, மருந்தாளுநர் ஒருநாளும் வெப்பநிலையைப் பார்ப்பதே இல்லை. வேண்டுமென்றே எல்லா வேலையையும் என் தலையில் கட்டுகிறார். எத்தனை முறை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவரால்தான் மருந்தெல்லாம் வீணாயிற்று."

இம்மடலை அனுப்புவதற்கு முன் அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சூன் 1 முதல் 13 வரையிலான 13 மாலைகளில் 4, 7, 11, 13 ஆகிய நான்கு நாள்களில் மட்டுமே பதிவு இல்லை. ஒன்பது நாள்களில் மருந்தாளுநரின் கையொப்பம் இருந்தது. 'ஒருநாளும்' என்பதிலுள்ள முற்றும்மை எல்லா நாள்களையும் உள்ளடக்குவது. அலுவலர் பதிவேட்டைத் திறந்து ஒன்பது கையொப்பங்களைக் கண்டால், உண்மையான நான்கு விடுபாடுகளையும் நம்பத் தயங்குவார்.

அடுத்து, 'பார்ப்பதே இல்லை' என்னும் தொடரைக் கவனியுங்கள். வெறுமையான கட்டம் அவர் எழுதவில்லை என்பதையே காட்டுகிறது. பார்த்துவிட்டு எழுத மறந்திருக்கவும் கூடும். 'வேண்டுமென்றே' என்பது பிறர் உள்ளத்தைப் பற்றிய ஊகம்; அதற்குச் சான்று காட்ட இயலாது. 'அவரால்தான்' என்பதும் பொருந்தாது. வெப்பம் ஏறியதற்கு மின்தடையோ பெட்டியின் பழுதோ காரணமாகலாம். பதிவு விடுபட்டதன் விளைவு வேறு: மருந்து எவ்வளவு நேரம் மிகை வெப்பத்தில் இருந்தது என்பதை அறிய வழியில்லாமல் போயிற்று. மருந்து வீணாயிற்றா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அலுவலரே.

ஆயினும், மென்மை கருதி "சில நாள்களில் பதிவுகள் விடுபட்டுள்ளன" என்று மட்டும் எழுதுவதும் தவறு. யாருடைய பொறுப்பு, எந்தெந்த நாள்கள் என்பவற்றை அத்தொடர் மறைத்துவிடும். திருத்திய மடல் இது:

பொருள்: மாலைநேர வெப்பநிலைப் பதிவில் விடுபாடு

மதிப்பிற்குரிய ஐயா,

தடுப்பூசிப் பெட்டியின் மாலைநேர வெப்பநிலையைப் பதியும் பொறுப்பு மருந்தாளுநருக்கு உரியது. சூன் 4, 7, 11, 13 ஆகிய நாள்களில் மாலைப் பதிவு இல்லை. பதிவேட்டின் படியை இணைத்துள்ளேன்.

14ஆம் நாள் காலை 8 மணிக்கு வெப்பநிலை 10 டிகிரியாக இருந்தது. அதை அப்போதே தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். முந்தைய மாலைப் பதிவு இல்லாமையால், வெப்பம் எப்போது உயர்ந்தது என்பதை அறிய இயலவில்லை.

இதுகுறித்து 9ஆம் நாள் அவரிடம் பேசினேன். களப்பணி நாள்களில் நிலையத்திற்குத் திரும்பத் தாமதமாவதாக அவர் கூறினார். அந்நாள்களில் மாலைப் பதிவை எழுத வேண்டியவர் யார் என்பதை முடிவுசெய்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவிலியர்

முதல் மடலில் இல்லாத ஒன்று இதில் உள்ளது: மருந்தாளுநர் கூறிய காரணம். அதைச் சேர்த்ததால் முறையீடு வலுவிழக்கவில்லை. அலுவலர் செய்யத்தக்க ஒரு செயலை அது சுட்டிக்காட்டுகிறது.

பயிற்சி

1. பின்வரும் தொடர்களில் கண்டது எது, ஊகம் எது எனப் பிரித்து எழுதுக.
அ) நூலக உதவியாளர் திங்கட்கிழமை 10.40 மணிக்கு வந்தார்.
ஆ) அவருக்கு வேலையில் அக்கறையே இல்லை.
இ) என்னைக் கண்டதும் வேண்டுமென்றே வெளியே சென்றார்.

2. "கணக்கர் எப்போதும் பற்றுச்சீட்டுகளைத் தாமதமாகவே தருகிறார்" என்னும் தொடரைத் திருத்தி எழுத, எவ்விவரங்களை முதலில் திரட்ட வேண்டும்?

3. திருத்திய மடலின் இறுதி வேண்டுகோளுக்குப் பதிலாக, "அவர்மீது தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதியிருந்தால் களப்பணி நாள்களின் சிக்கல் தீருமா? ஐந்து வரிகளில் விடை எழுதுக.