இலவச ஆலோசனைக்கு யார் காசு கொடுக்கிறார்?

முகத்துவாரத்தில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 20 இலட்சம் ரூபாய் வருகிறது. வீட்டு நகை 5 இலட்சத்துக்கு அடகில் கிடக்கிறது. வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்துக்கொள்வோம். காசு வரும் செய்தி பரவியதுமே, தெரிந்த காப்புறுதி முகவர் கோப்போடு வந்துவிடுகிறார்.

நம்பிக்கை: "அந்தத் தம்பி நம்மகிட்ட ஒரு சதமும் வாங்கல்ல."

உண்மை: அவருக்கு நிறுவனம் கொடுக்கிறது, நீங்கள் கட்டும் தவணைப் பணத்திலிருந்தே. வருடம் 4 இலட்சம் வீதம் ஐந்து வருடம் கட்டும் பொலிசியை விற்று, முதல் வருடக் கொமிஷன் 20 வீதம் கிடைத்தால், அவருக்கு 80,000 ரூபாய். "முதல்ல நகையை மீட்டுடுங்க ஐயா" என்றால் ஒன்றுமில்லை. ஆனால் நகையை மீட்டால் வீட்டுக்கு வருடம் 75,000 ரூபாய் வட்டி மிச்சம், எந்த ஆபத்தும் இல்லாமல். கொமிஷன் முதல் வருடங்களில் கனமாக இருப்பதும் ஒரு காரணம், ஒன்றிரண்டு வருடத்தில் பொலிசியை நிறுத்துகிறவர் கையில் அநேகமாக எதுவும் மிஞ்சாமல் போவதற்கு.

நம்பிக்கை: பதிவு பெற்றவர், ஆகவே நமக்காகப் பேசுவார்.

உண்மை: பதிவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முகவர் நிறுவனத்தின் ஆள். தரகர் வாடிக்கையாளர் சார்பில் நிற்க வேண்டியவர். அவருக்கும் கொமிஷன் நிறுவனத்திடமிருந்தே வருகிறது. இந்தச் சிக்கலுக்காகத்தான் பிரிட்டன் 2012 முடிவோடு முதலீட்டு ஆலோசகர்கள் புதிய விற்பனைக்குக் கொமிஷன் வாங்குவதை நிறுத்தியது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2020இல், ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி விற்பனையும் செய்வதைத் தடுத்தது.

நம்பிக்கை: கட்டணம் வாங்குகிறவரிடம் பக்கச்சார்பு இருக்காது.

உண்மை: எந்தக் கட்டணம் என்று கேளுங்கள். நிர்வகிக்கும் தொகையில் 1 வீதம் என்றால், 20 இலட்சத்துக்கு 20,000 ரூபாய். நகைக்கு 5 இலட்சம் போனால் அது 15,000 ஆகிவிடும். இழப்பு சிறியதுதான், ஆனாலும் "நகை இருக்கட்டும், முதலீடு செய்யுங்க" என்று சொல்ல அது ஒரு தூண்டுதல். ஒரே தொகையாக 25,000 ரூபாய் வாங்குகிறவருக்கு நகையும் ஒன்றுதான், வைப்பும் ஒன்றுதான். ஓய்வூதியக் காசுக்கு நான் அவரையே தேர்ந்தெடுப்பேன். அவரும் நம்மை யாரிடமாவது அனுப்பிவைத்து அங்கிருந்து கொமிஷன் வாங்குகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணமும் வாங்கி, சத்தமில்லாமல் கொமிஷனும் வாங்குகிறவரிடம்தான் அதிக கவனம் தேவை. காசு கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் நாம் விழிப்பைத் தளர்த்திவிடுகிறோம்.

யாராக இருந்தாலும் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இதில் நான் சேர்ந்தால் முதல் வருடம் உங்களுக்கு யாரிடமிருந்து எவ்வளவு கிடைக்கும்? அதே காசைத் தேசிய சேமிப்பு வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டால் எவ்வளவு? இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் ஆலோசனையைச் சாய்க்கக்கூடிய எடை. எழுதித் தர மறுத்தால் கையொப்பம் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால், பொலிசிப் பத்திரத்தில் மறுபரிசீலனைக் காலம் எத்தனை நாள் என்று உடனே பாருங்கள். அதற்குள் இரத்துக் கடிதத்தை முகவரிடம் கொடுக்காமல் நிறுவனத்தின் கிளையிலேயே ஒப்படைத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.