பணம் வந்ததா? உங்கள் போனில் பாருங்கள்

ஏரியூர் போன்ற ஊர்களில் இன்று ஆட்டுக்குட்டி விற்றாலும் அரிசி மூட்டை விற்றாலும் வாங்குபவர் போனை எடுத்துத்தான் பணம் அனுப்புகிறார். அனுப்பியதும் பச்சை நிற டிக் அடையாளத்தைக் காட்டிவிட்டுப் பொருளுடன் கிளம்புகிறார். அந்தத் திரையைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளும் வியாபாரிகள்தான் ஏமாறுகிறார்கள்.

அந்தத் திரையைப் போலியாக உண்டாக்குவது எளிது. போன்பே, கூகுள் பே, பேடிஎம் ஆகியவற்றின் தோற்றத்தை அப்படியே காட்டும் போலிச் செயலிகள் உள்ளன. அவற்றில் கடைப்பெயரையும் தொகையையும் தட்டினால் போதும்; டிக், நேரம், யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரப்படும் 12 இலக்க எண்), வெற்றி ஒலி எல்லாம் வந்துவிடும். வங்கிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. சிலர் பழைய ஸ்கிரீன்ஷாட்டிலேயே தேதியையும் தொகையையும் மாற்றிக் காட்டுகிறார்கள்.

எழுத்துப் பிழை இருக்கிறதா, எண்ணில் 12 இலக்கம் இருக்கிறதா என்று அந்தத் திரையை ஆராய்வது வீண். நல்ல போலியில் பிழை இருக்காது. முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிப் பார்ப்பதும் போதாது. ஒரு ரூபாயை உண்மையாக அனுப்பிவிட்டு, பெரிய தொகைக்குப் போலித் திரையைக் காட்டலாம் அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டு. சந்தையில் 8,500 ரூபாய்க்கு ஓர் ஆடு விலை பேசியாகிவிட்டது. பணம் வாங்கும் முன்பே உங்கள் யூபிஐ செயலியில் வங்கி இருப்பைப் பாருங்கள். 12,340 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அனுப்பியதாகச் சொன்னதும் மீண்டும் பாருங்கள். 20,840 என்று காட்டினால் பணம் வந்துவிட்டது. இருப்பைப் பார்க்க உங்கள் பின் எண்ணைத் தட்ட வேண்டும். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ‘பணம் வர வேண்டுமானால் பின் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி.

சிறு தொகைக்கெல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு உங்கள் செயலியின் ‘ஹிஸ்டரி’ (பரிமாற்றப் பட்டியல்) போதும். அதை நீங்களே திறந்து, தொகை, அனுப்பியவர் பெயர், நேரம் மூன்றையும் பாருங்கள்.

குறுஞ்செய்தியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘கிரெடிட் ஆனது’ என்ற செய்தியைச் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து எவரும் அனுப்பலாம். மறுபக்கம், சில வங்கிகள் சிறிய வரவுகளுக்குச் செய்தியே அனுப்புவதில்லை; 500 ரூபாய்க்குக் குறைந்த யூபிஐ வரவுகளுக்கு அனுப்புவதை ஹெச்டிஎஃப்சி வங்கி 2024-இல் நிறுத்தியது. ஆகவே செய்தி வரவில்லை என்பதற்காக வாடிக்கையாளரைத் திருடன் என்று திட்டிவிட வேண்டாம். உங்களுக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் இருந்தால், பணம் மற்றொன்றில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சவுண்ட் பாக்ஸ் (வரவைக் குரலில் அறிவிக்கும் பெட்டி) நல்ல துணை. ஆனால் குரல் உங்கள் பெட்டியிலிருந்து வந்ததா, எதிரே நிற்பவர் போனிலிருந்து வந்ததா என்று கவனியுங்கள். கியூஆர் அட்டையையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பல கடைகளின் கியூஆர் அட்டைகள்மீது இரவோடு இரவாக வேறு கியூஆர் ஒட்டப்பட்டது. அங்கே வாடிக்கையாளர்கள் உண்மையாகவே பணம் அனுப்பினார்கள். அது வேறு கணக்குக்குப் போனது. தினமும் கடை திறந்ததும் உங்கள் அட்டையை ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இணையம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? போன் சிக்னல் இருந்தால், *99# என்று அழைத்து இணையம் இல்லாமலே இருப்பைப் பார்க்கலாம்; யூபிஐ-க்கு உங்கள் எண் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் ரொக்கம் கேளுங்கள். ‘சர்வர் மெதுவாக இருக்கிறது, அப்புறம் வரும்’ என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் ‘பணம் ஏறியதும் பொருளை எடுத்துச் செல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். உங்களுக்கு வராமல் அவர் கணக்கில் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், வங்கி அதை அவருக்கே திருப்பித் தர வேண்டும். தனிநபர் பரிமாற்றத்துக்கு மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதற்கு ஐந்து நாளுக்குள் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. நேர்மையான வாடிக்கையாளருக்கு இதனால் நஷ்டம் இல்லை.

‘500-க்குப் பதில் 5,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்’ என்று பதறுபவரிடம் கூடுதல் கவனம் தேவை. இருப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் திருப்பாதீர்கள். அப்படித் திருப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் பணம் நகர்ந்திருப்பதால் அதை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. பொருள் மட்டும் போயிருந்தால் முடக்குவதற்குப் பணமே இருக்காது. அப்போது வண்டி எண், நேரம், சிசிடிவி பதிவு ஆகியவற்றுடன் அன்றைக்கே உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.