அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் ஏன் கூடாது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 25 கிலோ. நான்கு நாட்களுக்கு முன் சின்னம்மை போட்டது. முதல் நாள் இரவு காய்ச்சலில் தலைவலி என்று அழுததால், என் மாமனார் தான் போட்டுக்கொள்ளும் ஆஸ்பிரின் மாத்திரையில் பாதியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் மருந்துக்கடையில் அதே மாத்திரையைக் கேட்டபோது, “பிள்ளைகளுக்கு இது கூடாது” என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் என் நாத்தனார் மகளுக்குக் காவாசாகி நோய் வந்தபோது, மருத்துவரே தினமும் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார். எது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைக்காரர் மறுத்ததும் சரி, அந்த மருத்துவர் கொடுக்கச் சொன்னதும் சரி. உங்கள் மகன் குடித்த அந்த அரை மாத்திரையால் கெடுதல் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. இனி கொடுக்காதீர்கள், சில நாட்கள் பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருங்கள், போதும்.

கடைக்காரர் அஞ்சியது ‘ரே நோய்க்குறி’யை நினைத்துத்தான். 1963-ல் சிட்னியின் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்த டக்ளஸ் ரே, 21 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் மூளை வீங்கியிருந்தது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. அவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். காரணம் அப்போது தெரியவில்லை. பிறகு அமெரிக்காவில் நோயுற்ற பிள்ளைகளையும், அதே போன்ற காய்ச்சல் வந்தும் நலமாக இருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் ஃப்ளூ அல்லது சின்னம்மையின்போது ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தது தெரியவந்தது. 1980-ல் அங்கே 555 பேருக்கு இந்நோய் பதிவானது. எச்சரிக்கை பரவி, பெற்றோர் ஆஸ்பிரினைக் கைவிட்ட பிறகு, 1994-க்கும் 1997-க்கும் இடையே எந்த ஆண்டிலும் இரண்டு பேருக்கு மேல் வரவில்லை.

உடலுக்குள் கெட்டுப்போவது, உயிரணுக்களுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா. வைரஸ் அதை ஏற்கெனவே தளர்த்தியிருக்கும் நேரத்தில் ஆஸ்பிரினும் சேர்ந்து முடக்குவதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். எரிந்து தீர வேண்டிய கொழுப்பு கல்லீரலில் தங்கிவிடுகிறது. கல்லீரல் அகற்ற வேண்டிய அம்மோனியா ரத்தத்தில் ஏறுகிறது, மூளை வீங்குகிறது.

இந்த நோய் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பிள்ளை தேறிவரும்போதுதான் வரும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாட்களில், சில சமயம் இன்னும் தாமதமாக, விடாத வாந்தி ஆரம்பிக்கும். ‘ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைத்து வாந்தி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், நேரம் கைநழுவிவிடும். அடுத்து, பிள்ளை எந்நேரமும் தூங்கி வழியும், காரணமில்லாமல் எரிந்து விழும், சம்பந்தமில்லாமல் பேசும். கண் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கல்லீரல் கெட்டாலும் இதில் பெரும்பாலும் மஞ்சள் காமாலை தெரியாது.

உங்கள் மகனுக்கு இது நான்காம் நாள். விளையாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் வாந்தி நிற்காமல் போனாலோ, குணம் மாறினாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். சின்னம்மை வந்ததையும் ஆஸ்பிரின் கொடுத்ததையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டால்தான் ரத்தத்தில் அம்மோனியா, சர்க்கரை, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைத் தாமதமில்லாமல் பார்ப்பார்கள்.

இவ்வளவு அரிதான நோய்க்காக ஒரு மருந்தையே ஒதுக்க வேண்டுமா என்று தோன்றலாம். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலில் ஆஸ்பிரின் தரும் நன்மையோ, பாராசிட்டமாலிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், உங்கள் மகனுக்கு 250 மில்லிகிராம் போதும். இரண்டு வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சின்னம்மையில் இபுபுரூஃபெனும் தவிர்ப்பது நல்லது. தோலில் கடுமையான பாக்டீரியா தொற்று வருவதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு.

காவாசாகி நோயில் கணக்கு தலைகீழ். அதில் இதயத்தின் ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறையக்கூடும். அதைத் தடுக்கும் வேலையைப் பாராசிட்டமால் செய்யாது. அதனால் சிறு ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, கண்காணிப்போடு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். நாத்தனார் மகள் இன்னும் அதைச் சாப்பிடுகிறாள் என்றால், ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி அவளுடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் மகனின் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அவளை உங்கள் வீட்டுக்கு அழைக்காதீர்கள். அம்மை வந்த பிறகு இருவரும் ஏற்கெனவே சந்தித்திருந்தால், இன்றே அந்த மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.