பள்ளியில் நடக்கும் மீளாய்வுக் கூட்டம்: பதிவில் எழுத வேண்டியவை

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குப் பள்ளியில் தரப்படும் உதவிகளை, பெற்றோரும் ஆசிரியர்களும் கூடி அவ்வப்போது மீளாய்வு செய்வது வழக்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இத்தகைய குழந்தைகளுக்குத் தேவையான உதவிகளைச் செய்வதையும், அவர்களது முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் கல்வி நிறுவனங்களின் கடமையாக வைத்துள்ளது. ஆனால் கூட்டத்தில் பேசியது நடைமுறைக்கு வருமா என்பது, அன்று எழுதப்படும் பதிவைப் பொறுத்தது.

“குழந்தைமீது தனிக் கவனம் செலுத்தப்படும்” என்று எழுதினால், செலுத்தினார்களா என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது. யார், எதை, வாரத்தில் எத்தனை முறை, எந்த நாளிலிருந்து செய்வார் என்பது ஒவ்வொரு உதவிக்கும் எழுதப்பட வேண்டும்.

சங்கரன்கோவில் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் எழுதப்படக்கூடிய பதிவை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்திற்காக அமைத்த மாதிரி. மூன்றாம் வகுப்பில் படிக்கும் சிறுமிக்கு மூளை முடக்குவாதத்தால் வலக்கை இறுக்கமாக உள்ளது. பாடம் நன்கு புரிகிறது, எழுதுவதுதான் கடினம்.

கூட்ட நாள்: ஜூலை 8.

வந்தோர்: பெற்றோர், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்.

இன்றைய நிலை: வாய்மொழியாகக் கேட்ட பத்துக் கணக்குகளில் எட்டுக்குச் சரியான விடை சொல்கிறாள். பத்து நிமிடத்தில் இரண்டு விடைகளே எழுத முடிகிறது.

ஒப்புக்கொண்ட உதவிகள்:
1. பாதம் தரையில் படியும் நாற்காலியும், முழங்கை உயரத்தில் மேசையும்: தலைமையாசிரியர், ஜூலை 15க்குள்.
2. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக வினாத்தாள் தருதல். சிறுமி விடையை மட்டும் எழுதுவாள்: வகுப்பாசிரியர், நாளை முதல் தினமும்.
3. தடித்த பென்சிலால் எழுதுதல்: எல்லா வகுப்புகளிலும்.
4. எழுத்துப் பயிற்சி, வாரம் ஒரு நாள் 40 நிமிடம்: சிறப்புப் பயிற்றுநர்.
5. மருத்துவமனையில் கற்பித்த கைப்பயிற்சி, மாலையில் 15 நிமிடம்: பெற்றோர்.

இலக்கு: பத்து நிமிடத்தில் ஐந்து விடைகள், பிறர் படிக்கும்படியாக.

மீளாய்வு நாட்கள்: ஆகஸ்டு 19, காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரம்.

இப்பதிவின் பயன் ஆகஸ்டு 19 அன்று தெரியும். அன்று சிறுமி மூன்று விடைகள்தாம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு இல்லையெனில், “அவளால் இவ்வளவுதான் முடியும்” என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. பதிவு இருப்பதால் ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். சிறப்புப் பயிற்றுநர் ஆறு வாரங்களில் இரண்டு முறைதான் வர இயன்றது. அவர் பல பள்ளிகளுக்குச் செல்பவர். ஆகவே இப்பயிற்சி பயனற்றது என்று சொல்ல இயலாது. அது முழுமையாக நடக்கவே இல்லை. இதற்குத் தீர்வு, அவர் வராத நாட்களில் அதே பயிற்சியை வகுப்பாசிரியர் பத்து நிமிடம் செய்விப்பது என்று புதிய வரி எழுதுவது.

தடித்த பென்சிலோ தினமும் பயன்பட்டது. ஆயினும் கை விரைவில் சோர்கிறது. இது நடந்தும் பயன் தராத உதவி. இதனைத் தொடராமல், சாய்வுப் பலகை போன்ற வேறொன்றை முயல வேண்டும். நடக்காத உதவியையும் பயன் தராத உதவியையும் பிரித்துக் காட்டுவதே நல்ல பதிவின் வேலை.

மருத்துவ அறிக்கையும் இதற்குத் துணைபுரிய வேண்டும். நோயின் பெயர் மட்டும் ஆசிரியருக்கு வழிகாட்டாது. எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதலாம், எப்படி அமர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் ஓய்வு தர வேண்டும் என்பவற்றை எழுதித் தருமாறு மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சையாளரையோ கேட்டுப் பெறுக.

கூட்டம் முடிந்ததும் பதிவை உரக்கப் படிக்கச் செய்து, அனைவரும் கையொப்பமிட்டபின் ஒரு படியை வாங்கிக்கொள்க. ஒப்புக்கொள்ளாத செய்தி இருப்பின், அதனையும் பதிவிலேயே எழுதச் சொல்லலாம். குறித்த நாளில் கூட்டம் நடைபெறவில்லையெனில், படியை இணைத்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக. அதன்பின்னும் நடைபெறாவிடில் வட்டாரக் கல்வி அலுவலரை அணுகலாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அப்படியை உடன் கொண்டுவந்தால், பள்ளியில் நடப்பதற்கேற்பச் சிகிச்சையாளர் கைப்பயிற்சியை மாற்றித் தர இயலும்.