ஃபியூஸ் பிடுங்கும் நாள் எது?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கரண்ட் பில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். சம்பிகே ரோடு பக்கம் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, மின் நிறுவனமான பெஸ்காமின் இணைப்பு ஒப்பந்தத்தைத் தமிழில் தருபவர் முதலில் தேட வேண்டியது தொகையையும் தேதியையும்தான்.

கட்டணத்திலிருந்து தொடங்கலாம். பில்லில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கும். ஒன்று, ஓடிய யூனிட்டுக்கானது. மற்றொன்று, வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட் அளவுக்கானது. இந்த இரண்டாவது, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வரும். இரண்டையும் 'மின் கட்டணம்' என்று எழுதினால், விளக்கே எரியாத மாதத்துக்கு ஏன் பணம் என்று வாசகர் குழம்புவார். 'யூனிட் கட்டணம்', 'மாதாந்திர நிலைக்கட்டணம்' என்று முதலிலேயே பிரித்து, கடைசி வரி வரை அதே சொற்களையே வைக்க வேண்டும்.

அடுத்தது நோட்டீஸ். மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். 2003 மின்சாரச் சட்டத்தின் 56வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் குறைந்தது 15 'முழு நாட்கள்' அவகாசம் தந்து எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. இதை '15 நாட்களுக்குள் துண்டிக்கப்படும்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளும் துண்டிக்கும் நாளும் கணக்கில் சேராது. 3ஆம் தேதி வந்தால், 4 முதல் 18 வரை அவகாசம். 19ஆம் தேதிக்கு முன் ஃபியூஸில் கை வைக்கக் கூடாது. இந்தத் தேதிக் கணக்கை வாக்கியத்தின் அடியிலேயே உதாரணமாக எழுதிவிடுவது நல்லது. துண்டிக்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை என்பதால் 'துண்டிக்கப்படும்' அல்ல, 'துண்டிக்கலாம்' என்பதே சரி.

அதே பிரிவில் நுகர்வோரைக் காக்கும் ஒரு விதிவிலக்கு நீண்ட வாக்கியத்துக்குள் புதைந்து கிடக்கிறது. அதைத் தனிப் பத்தியாக வெளியே எடுக்க வேண்டும். பில் தவறு என்று தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி மாதந்தோறும் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும் வரை துண்டிக்க முடியாது. ஒரு மாதத்துக்கு 9,000 ரூபாய் பில் வந்து, சராசரி 1,200 என்றால், கட்ட வேண்டியது 1,200. 'எது குறைவோ' என்ற சொல் விழுந்துவிட்டால் ஏழைக் குடும்பம் 7,800 ரூபாய் கூடுதலாகக் கட்டும். 'ஆட்சேபத்துடன்' விழுந்தால், பில்லை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமாகும்.

முடித்த பிரதியை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: பூட்டிய வீட்டுக்கு எவ்வளவு வரும்? எந்தத் தேதிக்கு முன் துண்டிக்கக் கூடாது? பில் தவறென்றால் எவ்வளவு கட்ட வேண்டும்? அவர் எந்தக் கேள்விக்குத் தயங்குகிறாரோ அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். பக்கத்தில் மூலத்தின் பிரிவு எண்ணையும் போடுங்கள். மின் அலுவலகத்தில் அவர் காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான்.