உப்பு ஜாடியில் தண்ணீர் ஏன்?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறோம். எங்கள் உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்திலேயே பாதி மூடியபடி இருக்கும். மேலே உப்பு கட்டியாகி, அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். நான் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, கட்டியை உடைத்துப் பயன்படுத்துவேன். அதில் என்ன தப்பு என்பது பின்னால்தான் புரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அம்மா ரசத்துக்குப் போடும் கல்லுப்பு பாறையிலிருந்து வருவதில்லை. உப்பளத்தில் கடல்நீரைக் காயவைத்து எடுப்பதுதான் கல்லுப்பு. பாறையிலிருந்து வெட்டி எடுப்பது இந்துப்பு. கடைகளில் ‘இமாலய உப்பு’ என்று விற்கும் இளஞ்சிவப்பு உப்பு இந்த வகைதான். மூன்றாவது, அயோடின் கலந்த தூள் உப்பு. பொட்டலத்தில் மலாயில் ‘பெரியோடின்’ என்று போட்டிருக்கும்.

“கடல் உப்பில் இயற்கையாவே அயோடின் இருக்கே?” என்று பலர் கேட்பாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அது முழுவதும் உப்பிலேயே தங்கினாலும், நாம் ஒரு நாளில் சாப்பிடும் 5 கிராம் உப்பில் 9 மைக்ரோகிராம்கூட வராது. பெரியவர்களுக்குத் தேவை 150. கர்ப்பிணிகளுக்கு 250. இந்துப்பிலும் அயோடின் மிகக் குறைவு. அதுவே ஒரு கிலோவில் 30 மில்லிகிராம் அயோடின் கலந்த உப்பு என்றால், 5 கிராமில் சரியாக 150 கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த 150 நம் ஜாடிக்குள் தங்குமா என்பதுதான் கேள்வி. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஊரில் ராத்திரியிலும் மழை நேரத்திலும் ஈரப்பதம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்போது ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. மதியம் காற்று காய்ந்தால் அந்தப் படலம் மறுபடி உப்பாக இறுகி, பக்கத்து மணிகளை ஒட்டிவிடும். இதுதான் கட்டி. அதனால், ஒரேயடியாக ஈரமாக இருப்பதைவிட, நனைந்து நனைந்து காய்வதுதான் உப்பை அதிகமாகக் கட்டியாக்கும்.

கல்லுப்பு இன்னும் சீக்கிரம் நசநசக்கும். அதில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடு தங்கியிருக்கும். அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். இந்துப்பில் மக்னீசியம் பொதுவாகக் குறைவு என்பதால் அவ்வளவு நசநசக்காது. தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்க 535 போன்ற எண் போட்ட பொருளைச் சிறிதளவு சேர்ப்பாங்க. அது மணிகள் ஒட்டுவதைக் குறைக்குமே தவிர, ஈரம் வருவதைத் தடுக்காது.

அயோடின் இரண்டு வழியில் போகிறது. பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பில், ஈரமும் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தால் அயோடின் ஆவியாகிவிடும். பொட்டாசியம் அயோடேட் இதைவிட நிலையானது. நம்மைப் போன்ற ஈரமான நாடுகளுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் அதுவும் தண்ணீரில் கரையும். மேலே உண்டாகும் உப்புநீரோடு சேர்ந்து மெல்ல அடிக்கு இறங்கிவிடும். நான் வடித்து ஊற்றியது வெறும் தண்ணீர் இல்லை, அயோடினும்தான்! பாதி அப்படிப் போயிருந்தால் அன்றைய 150, 75 ஆகியிருக்கும். ருசியிலோ நிறத்திலோ ஒரு வித்தியாசமும் தெரியாது. அடியில் தேங்கும் தண்ணீர்தான் ஒரே அடையாளம்.

இப்போது நாங்கள் சின்னப் பொட்டலமாக வாங்குகிறோம். இறுக மூடும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, அடுப்பை விட்டுத் தள்ளி, இருட்டான அலமாரியில் வைக்கிறோம். காய்ந்த ஸ்பூனை மட்டும் போடுகிறோம். அன்றாடத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் தனி. அடியில் ஈரம் தெரிந்தால் வடிப்பதில்லை, கிளறிக் கலந்துவிடுகிறோம். அயோடின் உப்பை முடிந்தவரை குழம்பை இறக்கும்போது சேர்க்கிறோம், கொதியில் போவது குறையும் என்பதால்.

கல்லுப்பை விட வேண்டாம். சோறு வடிக்கவும் ரசத்துக்கும் அது நன்றாகக் கரையும். வடை மாவுக்குத் தூள் உப்புதான் சீராகக் கலக்கும். ஸ்பூன் கணக்கு மட்டும் கவனம்: கல்லுப்பில் மணிகளுக்கு இடையே இடைவெளி அதிகம், அதனால் அதே ஸ்பூனில் எடை குறைவு. வீட்டில் கல்லுப்போ இந்துப்போ மட்டும்தான் என்றால், பொட்டலத்தைத் திருப்பி அயோடின் கலந்ததா என்று பாருங்க. அயோடின் கலந்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. தைராய்டுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், உப்பை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.